மைலுக்கு வாங்கி நாளுக்குக் கொடுத்தேன்

திருவாடானையில் அரிசி மில் வைத்திருந்தவரின் காரை நான் வாடகைக்கு எடுத்து ஓட்டிய காலம் அது. அவர் இரண்டு கணக்குச் சொன்னார். மைலுக்கு ஆறணா கொடுத்தால் பெட்ரோலும் தேய்மானமும் அவர் தலையில். நாளுக்குப் பதினைந்து ரூபாய் என்றால் தேய்மானம் மட்டும் அவருக்கு. பெட்ரோலும் பஞ்சரும் எனக்கு, வண்டி ஓடினாலும் நின்றாலும் வாடகை உண்டு. நான் பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் நாள் வாடகைக்கு ஒத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் பாக்கி நின்றால் சாவி கைமாறிவிடும். அதற்கு இரண்டு டிரைவர்கள் காத்திருந்தார்கள்.

பக்கத்து ஊர் விவசாயி ஒருவர், தன் தகப்பனாரின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போகக் கூப்பிட்டார். மைலுக்கு எட்டணா, மீட்டர் காட்டுவதற்குக் காசு என்று பேச்சு. மண்டபம் போய்த் திரும்ப நூற்றுப்பத்து மைல், ஐம்பத்தைந்து ரூபாய். வாடகை பதினைந்து, பெட்ரோல் பதினைந்து போனால் இருபத்தைந்து மிஞ்சும். அன்று சாயங்காலமே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

தண்டவாளம் மட்டும் கடலைத் தாண்டும். கார் மண்டபத்தோடு சரி. அவரும் அவர் தாயாரும் பெட்டிகளை டிக்கியில் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். மதியத்தில் காற்று பிடித்தது. பாம்பன் பாலத்தில் ரயில் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார்கள்; இருவரும் ராமேஸ்வரத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாளும் காற்று. மூன்றாம் நாளும். என்னால் ஊருக்கும் போக முடியாது, அவர்களிடமும் போக முடியாது. வண்டி நகரவில்லை, நாள் மட்டும் ஓடியது. கூடுதல் வாடகை முப்பது ரூபாய் ஆனதும், லாபம் போய் ஐந்து ரூபாய் கைவிட்டுப் போகும் என்று தெரிந்தது. மண்ணை வாரி இறைத்த அந்தக் காற்றின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த மனுஷர் மேலும் வந்தது, காரணமே இல்லாமல்.

மூன்றாம் நாள் காலையில் பனங்காட்டுக்குள் வண்டியை ஒதுக்கினேன். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, இன்ஜினைப் போட்டு கியரில் விட்டேன். மீட்டர் கம்பி கியர்பாக்ஸிலிருந்து வருவது. தரையில் படாத சக்கரம் சுற்றச் சுற்ற எண்கள் ஏறின. டயர் தேயாது, பெட்ரோலும் அதிகம் குடிக்காது. நாற்பது மைல் ஏறும்வரை காவல் காப்பவன்போல உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் காற்று தணிந்து ரயில் வந்தது. அவர் முகம் வாடியிருந்தது. இரண்டு நாளாகச் சத்திரத்தில் படுத்த கதையைத் தாயார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஊம் கொட்டினேன்.

அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், மீட்டர் எவ்வளவு என்று கேட்டார். நூற்றைம்பது என்றேன். மறுபேச்சில்லாமல் எழுபத்தைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பிறகு மடியிலிருந்து இன்னும் மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை எடுத்தார்.

"மில்காரருக்கு நீ நாளுக்குத்தானே தம்பி குடுக்குற? எங்களுக்காக ரெண்டு நாளு அங்கன கெடந்திருக்க. அத நாந்தான் தரணும், வச்சுக்க."

ஓடாத நாற்பது மைலுக்கு வாங்கிய இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று பயந்தேன். தாயாரின் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, நூற்றைந்து ரூபாயோடும் வண்டியைத் திருப்பினேன்.