ஓடி வந்ததாக எழுதப்பட்ட கட்டைக்கால்

கடைசல் பட்டறையில் அவள் அப்பாவுக்குப் பெயர் கட்டைக்கால். இரும்புத் தண்டு சரிந்து விழுந்ததில் வலது முழங்காலைத் தகடு வைத்து இறுக்கிவிட்டார்கள். அதன்பின் அது மடங்கவே இல்லை.

"நீ டீ வாங்கப் போனா கடைக்காரன் கடையைப் பூட்டிட்டுப் போயிடுவான்" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள்.

"அதுக்குத்தான் உன்னை அனுப்புறேன், போடா."

நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் நின்ற மனுஷன், வீட்டில் ஒரு தட்டு விழுந்தால் வீட்டையே இரண்டாக்குவார். யாரையும் கெஞ்சியதில்லை.

சாலையைக் கடக்கும்போது பால் வேன் மோதிச் செத்தார். டிரைவர் சொன்னதைப் போலீஸ் அறிக்கை அப்படியே வாங்கிக்கொண்டது: "திடீரென ஓடி வந்தார்." தப்பு அவர்மேல்தான் என்றது வேனுக்குக் காப்பீடு தந்த நிறுவனம். மகளின் மறுப்பைப் பதியக்கூட அறிக்கையின் சான்றிட்ட நகல் வேண்டுமாம். வெறும் ஜெராக்ஸ் செல்லாதாம்.

மகள் லிஃப்ட் பழுதுபார்ப்பவள். நகல் கேட்டு அவள் கொண்டுபோன கடிதத்தை ஸ்டேஷன் ரைட்டர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா இது, கரண்ட் பில் மாதிரி?"

"அறிக்கை எண், தேதி இருக்கு. நான் அவர் மகள்னு இருக்கு. காப்பீட்டுக்காரங்க கேட்ட கடிதத்தையும் வெச்சிருக்கேன். வேற என்ன வேணும்?"

"மரியாதை."

"அது எங்க பரம்பரையிலேயே கிடையாது."

ரைட்டர் முகம் இறுகியது. கோப்பைப் புரட்டினார். "இது உனக்கே வேட்டு வைக்கும். ஓடி வந்தார்னு இருக்கு."

"தெரியும்."

"கொஞ்சம் தன்மையாக் கேளு. நகல்ல 'நடந்து வந்தார்'னு டைப் பண்ணித் தர்றேன்."

ஒரே ஒரு சொல். அம்மா இராத்திரியெல்லாம் முனகுவதும் அதைத்தான்: அவர் எப்படி ஓடுவார்? ஆனால் மூல அறிக்கை கோர்ட்டுக்குப் போய்விட்டது. நகல் அதோடு ஒத்துவராவிட்டால், பொய் சொன்னவள் அவளாகிவிடுவாள்.

"எழுதினது எழுதினபடியே குடுங்க."

"திமிரு" என்று முணுமுணுத்தபடி பிரதி எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் 'உண்மை நகல்' முத்திரை குத்தி, இன்ஸ்பெக்டர் அறைக்குள் போய்க் கையெழுத்து வாங்கி வந்து வீசினார்.

இரண்டாம் பக்கத்தில் முத்திரை சரியாக 'ஓடி' மேல் மையாய் அப்பியிருந்தது.

"இது படிக்க முடியல. வேற போடுங்க."

"ஒரு வார்த்தைதானே!"

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"உங்கப்பனும் இப்படித்தானா?"

"இதைவிட மோசம்."

ரைட்டர் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். புதுப் பக்கம் வந்தது. 'ஓடி' பளிச்சென்று இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும்போது அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. அந்த ஆள் முன்னால் துடைக்கவில்லை.

நேராகக் காப்பீட்டு அலுவலகம் போனாள். நகலோடு முழங்கால் எக்ஸ்ரேயையும் கால் மடங்காது என்று அறுவை செய்த டாக்டர் தந்த சான்றையும் சேர்த்து நீட்டினாள்.

குமாஸ்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளுடைய மறுப்பைப் பதிந்தார்.