மூன்றாம் பக்கத்தில் விடுபட்ட வரி

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, நகல் கடையை ஒட்டி எட்டடி அகலத்தில் ஓர் அறை. அங்கே இருபத்து மூன்று வருடமாகப் பத்திரம் எழுதுகிற அம்மாளுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் மூன்று பத்திரம் முடிக்கிற நேரத்தில் அவர் ஒன்றுதான் முடிப்பார். தட்டச்சு செய்ய வந்தவர்தான். பழைய பத்திரங்களைப் படித்துப் படித்து, புரியாததை வக்கீல் குமாஸ்தாக்களிடம் கூச்சப்படாமல் கேட்டுக் கேட்டே தொழில் கைவந்தது.

புகைப்படக் கடைக்காரரும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரும் அவரிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. கடைக்காரரின் கட்டடம் இரண்டு அடமானத்தில் இருந்தது. முதலாவது, ஆறு லட்சத்துக்கு ஒத்தி. ஒத்திக்கு எடுத்தவர் ஒரு முன்னாள் பஸ் டிரைவர். வட்டிக்குப் பதிலாக மாடி வீட்டில் குடியிருந்தார். இரண்டாவது, நான்கு லட்சத்துக்குச் சாதாரண அடமானம். கொடுத்தவர் கடைக்காரரின் மனைவிக்கு அண்ணன், சிமெண்ட் வியாபாரி. அவருக்குக் கட்டடத்தில் குடியிருக்கும் உரிமை கிடையாது. பணம் வராவிட்டால் கோர்ட் மூலம் விற்று எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இரண்டும் பதிவானவை. டிரைவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். கொடுக்க வழியில்லாத கடைக்காரர் நர்ஸிடம் ஏழு லட்சம் கேட்டிருந்தார். ஆறு டிரைவருக்கு, ஒன்று கடைக்கு.

எழுத்துக்கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்தார் கடைக்காரர். மூலப்பத்திரத்தை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டால் போதாதா என்றார். அப்படியும் ஓர் அடமானம் உண்டு, ஆனால் பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது என்பதற்காக யாரும் வரிசையில் முன்னால் போய்விட முடியாது, தேதிதான் பேசும் என்றார் நிதானம்.

நர்ஸ் கேட்டது ஒன்றே ஒன்று.

“வீடு வித்தா முதல்ல யாருக்கும்மா பணம்? எனக்கு இது சர்வீஸ் முடிஞ்சு வந்த பணம். இதுக்கப்புறம் வேற வரவு கிடையாது.”

நிதானம் ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினார். சும்மா எழுதினால் நர்ஸ் கடைசி. டிரைவர் வெளியேறியதும் சிமெண்ட்காரர் முதல் இடத்துக்கு வந்துவிடுவார். கட்டடம் விலை போனால் ஏழோ எட்டோ லட்சம்தான் தேறும். அவர் எடுத்தது போக நர்ஸுக்கு மூன்றோ நான்கோதான் மிஞ்சும். ஆனால், இந்தப் பணத்தால் தீரும் முதல் அடமானத்தின் உரிமையும் முன்னுரிமையும் நர்ஸுக்கே சேரும் என்று சொத்துக்காரர் பதிவுப் பத்திரத்தில் ஒப்புக்கொண்டால், டிரைவர் இருந்த இடத்தில் நர்ஸ் நிற்பார். அதுவும் அந்த ஆறு லட்சத்துக்கு மட்டும். மீதி ஒரு லட்சம் சிமெண்ட்காரருக்குப் பின்னால்தான். கடைக்காரர் சம்மதித்தார். நிதானம் அந்த வரியை எழுதி, பத்திரம் முழுவதையும் இருவருக்கும் படித்துக் காட்டினார்.

புதன்கிழமை பதிவு. பதிவாளர் மேசையில் வடக்கு எல்லை தவறு என்று மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிதானம் ஓடிவந்து எல்லையைத் திருத்தி, பக்கத்தை அச்செடுத்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். பதிவு முடிந்தது. டிரைவர் பெயருக்கு எடுத்த ஆறு லட்சத்து வங்கி வரைவோலையையும் கடைக்கு ஒரு லட்சத்தையும் நர்ஸ் கடைக்காரரிடம் கொடுத்தார். மறுநாள் பதினோரு மணிக்கு டிரைவரிடம் கொடுத்து ஒத்தியை மீட்பதாகப் பேச்சு.

மாலை நான்கரைக்கு அலுவலகப் பிரதியைக் கோப்பில் வைக்கும்போதுதான் மூன்றாம் பக்கத்தின் அடியில் நான்கு விரல் வெள்ளை தெரிந்தது. அவசரத்தில் திறந்தது பழைய வரைவு. எல்லையைத் திருத்தியது அதில். உரிமை சேரும் என்ற வரி அதில் இல்லவே இல்லை.

நிதானம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதற்கு முன்பும் கதவு எண்ணைத் தப்பாகப் போட்டிருக்கிறார், ஒரு தடவை ஒருவரின் அப்பா பெயரையே மாற்றியிருக்கிறார். ஒருவரை வரிசையிலிருந்து இறக்கிவிட்டது இதுதான் முதல் தடவை. கட்டடம் விற்கும் நாள் வரும்வரை யார் கண்ணிலும் படாது. வராமலேகூடப் போகலாம். பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார்.

நர்ஸ் வீட்டுக்கு முதலில் போனார். நர்ஸ் கத்தவில்லை. “நீங்க படிச்சப்ப இருந்துச்சே” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார்.

புகைப்படக் கடையில் சிமெண்ட்காரரும் இருந்தார். நிதானம் சுற்றி வளைக்காமல் சொன்னார். தப்பு தன்னுடையது. நாளைக் காலை ஒரு திருத்தல் பத்திரம் பதிந்தாக வேண்டும், ஒத்தி மீட்பதற்கு முன்னால். செலவு தன்னுடையது. கையெழுத்து மட்டும் கடைக்காரர் போட வேண்டும்.

சிமெண்ட்காரர் சிரித்தார். “பதிவாயிடுச்சு இல்ல? ஆனது ஆனபடி இருக்கட்டும் மாப்பிள்ளை. வர்ற சீதேவியை நாமளே எதுக்குத் தள்ளணும்? எழுதத் தெரியாம எழுதினது அவங்க பாடு.”

கடைக்காரர் யாரையும் பார்க்காமல் கேமராவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

“சார்,” என்றார் நிதானம் சிமெண்ட்காரரிடம், “உங்க கையெழுத்து எனக்கு வேண்டாம். இதுல உங்களுக்கு ஒரு பைசா நஷ்டமும் இல்ல. நீங்க நாலு லட்சம் கொடுத்த அன்னிக்கே உங்களுக்கு முன்னால ஆறு லட்சம் இருந்துச்சு. நாளைக்கும் அதே ஆறுதான் இருக்கும். ஆள்தான் மாறும். அந்த ஆறையும் இந்தம்மா கட்டி, உங்களை மேல ஏத்திவிடணுமா?”

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து கடைக்காரரின் மனைவி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“அண்ணா, நேத்து வரைக்கும் நீ ரெண்டாவது ஆளு. தூங்காமலா இருந்தே? அப்படியே இரு.” கணவரிடம் திரும்பினார். “நீங்க சரின்னு சொன்னதை இந்த நர்ஸக்கா காதால கேட்டிருக்காங்க. நாளைக்கு அவங்க முகத்தைப் பார்த்து எப்படிப் பேசுவீங்க?”

கடைக்காரர் கேமராவைக் கீழே வைத்தார். “எத்தனை மணிக்கு வரணும்?” என்று நிதானத்திடம் கேட்டார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்குத் திருத்தல் பத்திரம் பதிவானது. ஆறு லட்சம் முதல் இடத்தில், ஒரு லட்சம் மூன்றாவதில் என்று அதில் தனித்தனியாக இருந்தது. அதற்கப்புறம்தான் எல்லோரும் மாடிக்குப் போனார்கள். சிமெண்ட்காரரும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

டிரைவர் வரைவோலையை வாங்கிப் பார்த்துவிட்டு, கூரை ஒழுகியதைப் பூசிய செலவு ஆயிரத்து எண்ணூறு பாக்கி இருக்கிறதே என்றார். அதையும் ஒத்திப் பணத்தோடு சேர்த்துக்கொள்வதாகத்தான் பேச்சு. பரவாயில்லை, அடுத்த மாதம் கொடுங்கள் என்றும் சொன்னார். நல்ல மனிதர்.

“அடுத்த மாசம் கூடாது,” என்றார் நிதானம். “முழுசாத் தீர்ந்தாத்தான் அந்த இடம் இந்தம்மாவுக்கு. பாக்கி இருந்தா நேத்து எழுதினதும் இன்னிக்கு எழுதினதும் காகிதம்தான்.”

கடைக்காரர் சட்டைப் பையைத் தடவினார். கடைக்கு வந்த ஒரு லட்சம் காலையிலேயே புகைப்படத் தாள் கம்பெனிக்குப் போய்விட்டது. நர்ஸ் பையைத் திறக்கப் போனார்.

“நீங்க மூடுங்கம்மா,” என்றார் சிமெண்ட்காரர். மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்து எண்ணி, தங்கையின் கணவர் கையில் திணித்தார். “இதை யாரும் பத்திரத்துல எழுத வேண்டாம்.”

டிரைவர் வாங்கிக்கொண்டார். எந்த இடத்தில் கையெழுத்து என்று கேட்டார். நிதானம் ரசீதை இன்னொரு முறை முழுவதும் பார்த்துவிட்டு, இடத்தைக் காட்டினார்.