சட்டைப் பொத்தான்

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினேன். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும், மெஷின் பக்கமே போகக்கூடாது என்று கம்பெனி டாக்டர் எழுதிவிட்டார். ஒற்றைக் கைக்கு ஏற்ற வேலை எதுவும் இல்லையாம். மிச்சமிருந்தது இயலாமை பென்ஷன் ஒன்றுதான். அதற்கு டாக்டர்கள் குழுவின் முன்னால் போய் நிற்க வேண்டும்.

கோயிலுக்குக் கூட்டிப்போவதுபோல் மனைவி என்னைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். குழு இருந்த அறைக்குள்ளே வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தோள்வரை தூக்கினேன். வேலை செய்ய முடியுமா என்று ஒரு டாக்டர் மலாயில் கேட்டார்.

நான் மெர்லிமாவ் எஸ்டேட்டில் பிறந்தவன். விடியற்காலைப் பிரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு ஆளெடுக்கும்போது முடியவில்லை என்றால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. அப்பா காய்ச்சலோடு போய் நின்றவர். அந்த வீட்டில் வளர்ந்த பாழாய்ப்போன வாய் இது.

"போலே, டாக்டர்! முடியும்" என்றது மலாயிலேயே.

ரிப்போர்ட்டையும் சோதனையையும் என் வாயையும் வைத்து விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். கம்பெனிக்கு நான் வேலைக்கு ஆகாதவன். பென்ஷனுக்கு வேலை செய்யக்கூடியவன். அப்பீல் பண்ணலாமாம். யாரிடம் போய் என்ன சொல்வேன்?

அன்று வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்.

"என்னங்க கேட்டாங்க?"

"வேலை செய்ய முடியுமான்னு."

"முடியாதுன்னு சொன்னீங்கதானே?"

நெஞ்சைப் பார்க்க டாக்டர் அவிழ்த்த பொத்தான்களை, அத்தனை பேர் பார்க்க, அவள் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.