வீரராஜு படம் ஒட்டிய ஜாடி

மே மாதம் வந்துவிட்டால் நூகரத்னத்தைக் கையில் பிடிக்க முடியாது. ஆந்திராவில் துனிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆவக்காய் ஊறுகாய் போடாத வீடு கிடையாது. போடத் தெரிந்த கை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. காலையில் ரெட்டி வீதி, மத்தியானம் வங்கி மேனேஜர் வீடு என்று அவள் ஓடிக்கொண்டிருப்பாள். மாங்காய்த் துண்டைக் கையில் எடுத்துத் துணியால் ஒருமுறை துடைத்துப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் வெயிலில் போடச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வீட்டுக்காரி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருந்த ஒரே கர்வம் இதுதான்.

அந்த வருஷம் கோவில் கமிட்டி அவளைக் கூப்பிட்டது. கார்த்திகை வனபோஜனத்துக்கு ஊரே தோப்பில் நெல்லிமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு வேண்டிய ஆவக்காய் முழுவதும் கர்ரி வீரராஜுவின் உபயம். வீரராஜு ரோடு காண்டிராக்டர்; அடுத்த தேர்தலில் நிற்பதாகப் பேச்சு. ஒன்பது பெரிய ஜாடிகள் வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் ஒன்றில் மட்டும் மாலை போட்ட அவருடைய படம் ஒட்டியிருந்தது. உயிரோடு இருப்பவருக்கு எதற்கு மாலை என்று யாரும் கேட்கவில்லை.

ஆவக்காய் போட்ட மூன்றாம் நாள் நூகரத்னம் கிளறியபோது உப்புக்கு மாங்காய் நீர் விட்டிருந்தது. துண்டு மூழ்கி, அதற்கு மேல் ஒரு விரல் கனம் எண்ணெய் நிற்க வேண்டும் என்று சொன்னாள். வீரராஜுவின் மேஸ்திரி ஜாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, மினுமினுவென்று இருக்கிறதே, இதற்கு மேல் எண்ணெய் எதற்கு என்றார். ஐந்து ஜாடிக்குப் போதுமான எண்ணெயை ஒன்பதுக்கும் பங்கிட்டார்கள். போதாததற்கு, படம் ஒட்டிய ஜாடிக்குத் திறப்பு விழா வைத்தார்கள். வீரராஜு ஜாடியின் விளிம்பிலேயே தேங்காயை உடைத்தார். போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்று சொன்னதால் இன்னொன்றும் உடைத்தார். இரண்டு தேங்காய்த் தண்ணீரும் போன இடம் ஜாடிக்குள்தான். வேண்டாமென்று நூகரத்னம் சொல்வதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. அன்றே கமிட்டித் தலைவர் பானகாலராவு அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். நடுவில் ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். உபயதாரர் வராமல் திறப்பது மரியாதையில்லை என்று பதில் வந்தது.

மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த அறையை, வனபோஜனத்துக்கு முதல் நாள் காலையில் திறந்தார்கள். நான்கு ஜாடிகளில் மேலே வெள்ளை படிந்திருந்தது.

கமிட்டி அங்கேயே கூடியது. பானகாலராவு தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மிளகாய்த்தூள் வாசனைக்குத் தும்மல் வரும் என்பதால் வாசற்படியிலிருந்தே பார்த்தார். வெள்ளையாக இருப்பதெல்லாம் ஈஸ்ட், ரொட்டியில் போடுவதும் அதுதான், உடம்புக்கு நல்லது என்று முடிவு சொன்னார். ஒன்பது ஜாடியும் பரிமாறத் தகுந்தவை என்று நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட ஜாடிப் பக்கம் குனியவில்லை.

“கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க மாஸ்டாரு,” என்றாள் நூகரத்னம். “எல்லா வெள்ளையும் ஒண்ணு இல்ல.”

“நீ எத்தனாவது வரைக்கும் படிச்சே ரத்னம்?”

“மூணாவது. அதான் கிட்ட போய்ப் பாக்க வேண்டியிருக்கு.”

அவர் ஜாடிகளின் வெளிப்புறத்தைத் துடைத்து வைக்கும்படி சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தனியாக விடப்பட்ட நூகரத்னம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். இரண்டு ஜாடிகளில் இருந்தது, ஆறின பாலில் ஏடு படிந்த மாதிரி தட்டையான மெல்லிய படலம். லேசாகச் சுருங்கியிருந்தது, ரோமம் கிடையாது. கடுகின் காரமும் மாங்காய்ப் புளிப்பும் முன்போலவே மூக்கில் ஏறின. எண்ணெய் குறைந்து நீர் மேலே வந்த இடத்தில் காற்றுப் பட்டுப் படிவது இது. அது ஆளைக் கொல்லாது. விட்டுவைத்தால் ருசியைக் கெடுக்கும். ஏட்டை வழித்தெடுத்து, உள்விளிம்பை உலர்ந்த துணியால் துடைத்து, துண்டுகளை அமுக்கி, காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயை மேலே நிற்கும்படி ஊற்றினாள். நாளைக்கே தீர்ந்துவிடுவதால் கவலையில்லை.

படம் ஒட்டிய ஜாடியில் கதையே வேறு. வட்ட வட்டமாக, பஞ்சு ஒட்டின மாதிரி எழும்பி நின்றது. ஒரு வட்டத்தின் நடுவில் பச்சை தட்டியிருந்தது. நனைந்த கோணி வாசனை அடித்தது. நான்காவதில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி; பூசணமும் பிறக்கும்போது வெள்ளைதான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் அவளுக்குத் தீர்மானமாகத் தெரியவில்லை. தெரியாததை ஊருக்குப் போடுவதில்லை என்று அதையும் ஒதுக்கினாள்.

இரண்டு ஜாடியையும் கோவிலுக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டி மூடினாள். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். படத்தை நனைத்து உரித்து, துளிகூட வெள்ளை படியாத ஒரு ஜாடியின் வெளிப்புறத்தில் ஒட்டி, நன்றாக உலரத் துடைத்தாள். வீரராஜுவின் முகம் கொஞ்சம் கோணலாயிற்று. யாருடனும் சண்டை போடாமல் வேலை முடிந்ததே என்று அவளுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி மறுநாள் சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் நீடித்தது. படம் ஒட்டிய ஜாடியிலிருந்து எடுத்த துண்டைப் பருப்புச் சோற்றில் பிசைந்து சாப்பிட்ட வீரராஜு, மைக்கைக் கையில் வாங்கினார். இந்த ஜாடியில்தான் வெள்ளை படிந்ததாம், பானகாலராவு காரு விஞ்ஞானப்படி விளக்கினாராம், இப்போது தாமே சாப்பிட்டுக் காட்டுகிறாராம். “உங்க வீட்லயும் வெள்ளை பூத்தா பயப்படாதீங்க. வழிச்சுப் போட்டுட்டுச் சாப்பிடுங்க. பச்சையா இருந்தாலும் சரி, நம்ம மாங்கா மேல படிஞ்சதுதானே.” பந்தியில் கைதட்டினார்கள்.

நூகரத்னத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிட்டெம்மா, நல்லவேளை, என் வீட்டு ஜாடியில் பச்சை படிந்ததை நேற்றுத்தான் கொட்டப் பார்த்தேன், இனி வழித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் போடலாம் என்று சொன்னாள். நூகரத்னம் பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டாள். அந்தப் படத்தை ஒட்டினது அவள் கைதானே. கை கழுவினாள், ஈரத்தைத் துடைத்தாள், மேடைக்குப் போனாள். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துப் பானகாலராவே மைக்கைக் கொடுத்தார்.

“அந்த ஜாடிய நேத்தே குழியில கொட்டிட்டேன். படத்த மட்டும் மாத்தி ஒட்டினேன், தப்பு என்னுது,” என்றாள். “பாலேடு மாதிரி தட்டையா இருந்து, வாசனை மாறாம இருந்தா வழிச்சுக்கலாம். பஞ்சு மாதிரி நின்னுதா, பச்சை கருப்பு தட்டுச்சா, முழு ஜாடியும் போகணும். மேல வழிச்சா போதாது, அதோட வேர் உள்ள இறங்கியிருக்கும். எண்ணெய காய்ச்சி ஊத்தினாலும் விஷம் போகாது. எதுன்னு தெரியலன்னாலும் கொட்டிடுங்க. சிட்டெம்மா, ஒனக்குத்தான் சொல்றேன்.”

யாரும் கைதட்டவில்லை. வீரராஜு தன் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பானகாலராவு தும்மினார், பக்கத்தில் மிளகாய்த்தூள் எதுவும் இல்லை.

அடுத்த வருஷம் கோவில் ஆவக்காய்க்கு வேறு ஆளை வைத்தார்கள். உபயதாரரை அவமதித்ததாக நோட்டில் ஒரு தீர்மானமும் ஏறியது. நூகரத்னத்துக்கு அது இரண்டு நாள் வலித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வீரராஜுவின் மனைவி கொல்லை வழியாக வந்தாள். முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த சின்ன ஜாடியைத் திறந்து காட்டி, “இது எது, ரத்னம் அத்தை?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நூகரத்னம் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் குனிந்தாள்.

“ஏடுதான். எண்ணெய் போதல,” என்றாள். “உங்க வீட்லயுமா?”