சாம்பல் நிறத்தில் இரண்டு முகங்கள்

பிளாஸ்டிக் சாமான்களுக்கு எஃகில் வார்ப்பு அச்சு வெட்டும் பட்டறையில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை. வேறு கம்பெனிகளிலிருந்து வரும் வரைபட ஃபைல்களைத் திறந்தால் ‘ஓப்பன் ஷெல்’ என்று கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கும். பொருளின் மேல்தோல் துண்டு துண்டாக வந்திருக்கும். துண்டுகளின் ஓரங்கள் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளியில் விலகி நிற்கும். எங்கும் காற்றுப் புகாதபடி மூடினால்தான் கம்ப்யூட்டர் அதைத் திடப்பொருள் என்று ஒப்புக்கொள்ளும். அப்படி மூடித் தைத்துக் கொடுப்பதில் அவர் கைராசிக்காரர்.

மாடி அறையில் பக்கத்து மேஜை அவர் மனைவியுடையது. அச்சு வெட்டும் மெஷினின் உளி எந்த வழியாக நகர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. அவர் தைத்துத் தருவதை அவள் சரிபார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை, போன மழைக்காலம் வரை.

அன்று வந்தது மருந்து பாட்டில் மூடி. காலையில் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “முடிஞ்சுது. ஒரு சிவப்புக் கோடு இல்ல, பாரு.”

விலகிய ஓரங்களைத்தான் அந்த மென்பொருள் சிவப்பில் காட்டும். உண்மையிலேயே சிவப்பு எதுவும் இல்லை. “அதுக்குள்ளயா?” என்றாள்.

“பின்ன? டாக்டர்னு சும்மாவா சொல்றாங்க?” என்று சிரித்துவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினார்.

அவள் அவருடைய திரையில் மூடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தாள். பாட்டில் கழுத்தைக் கவ்விப் பிடிக்க உட்புறம் சுற்றிலும் ஒரு மெல்லிய படி இருக்க வேண்டும். அகலம் புள்ளி நான்கு மில்லிமீட்டர். அது இல்லை. வழுவழுவென்று இருந்தது.

தையல் டாலரன்ஸைப் பார்த்தாள். புள்ளி ஐந்து. அதாவது, புள்ளி ஐந்து வரை விலகியிருக்கும் ஓரங்களை ஒன்றாகவே எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரும் சொன்னபடி செய்துவிட்டது. படியின் இரண்டு ஓரங்களையும் ஒரே ஓரமாக்கி, நடுவில் இருந்த துண்டை விழுங்கிவிட்டது. பொருளிலேயே சின்னதாக எது இருக்கிறதோ, அதைவிட டாலரன்ஸ் ரொம்பக் கம்மியாக இருக்கணும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அவர் அடுப்பில் பாலை மறந்தபோது சிரித்தாள். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு வந்தபோதும் சிரித்தாள். இதற்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அனுதாபப்படுவார். ஆனால் இந்த நாற்காலியில் வேறொருவரை உட்கார வைப்பார். வீட்டில் சும்மா உட்கார்ந்த மனுஷனை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவர் வருவதற்குள், கம்பெனியிலிருந்து வந்த மூல ஃபைலை மறுபடி திறந்தாள். புள்ளி பூஜ்யம் மூன்றில் தைத்தாள். பெரும்பாலான ஓரங்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு மூலை வளைவில் மட்டும் சிவப்பு நின்றது. அங்கே இரண்டு துண்டுகள் தப்பாக வெட்டப்பட்டு வந்திருந்தன. அவற்றை அழித்து, பக்கத்துத் துண்டுகளின் ஓரத்தையே எல்லையாக வைத்துப் புதிதாக வரைந்து, மறுபடி தைத்தாள். சிவப்பு போயிற்று. படி இருந்தது. அவர் சேமித்த ஃபைலுக்குப் பக்கத்தில் இதை வேறு எண் போட்டுச் சேமித்தாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவர் உட்கார்ந்து, திரையில் திறந்திருந்த மூடியை மவுஸால் சுழற்றினார். கை நின்றது.

“இது என்ன?”

வந்த ஃபைலின் முகங்கள், அதாவது மேல்தோல் துண்டுகள், எல்லாம் நீலம். அவள் வரைந்த இரண்டும் சாம்பல். நிறத்தை மாற்ற மறந்திருந்தாள்.

“நான்தாங்க. சும்மா...”

“நான் தச்சது எங்க?”

அவரே பழைய ஃபைலைத் திறந்து குறுக்கே வெட்டினார். நீண்ட நேரம் அந்த வழுவழுப்பையே பார்த்தார்.

“டாலரன்ஸ் என்ன குடுத்திருந்தேன்?”

“புள்ளி அஞ்சு.”

“புள்ளி அஞ்சா!” யாரோ ஒரு கற்றுக்குட்டியைத் திட்டுவது போலச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. “இதுக்கு முன்னாடி?”

அவள் கீபோர்டைப் பார்த்தாள். “ரெண்டு தடவ.”

“சொல்லியிருக்கலாம்ல, மா.”

“எப்படிங்க சொல்றது?”

கீழேயிருந்து முதலாளி கத்தினார். “டாக்டர்! ஃபைல் ரெடியா? ஸ்டீல மெஷின்ல ஏத்தியாச்சு!”

அவர் எழுந்து வாசல் வரை போனார். “ரெடிங்க. இனிமே தையல எங்க வீட்டம்மாகிட்ட கேளுங்க. நான் சாயங்காலம் வந்து பேசறேன்.”

“என்ன, ரிட்டயர்மென்ட்டா?” என்று கீழே ஒரு சிரிப்பு.

“அப்படித்தான் வெச்சுக்கங்க.”

திரும்பி வந்தவர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, பின்னால் நின்றுகொண்டார். “அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ செக் பண்ணு. ஒரு ஓரம்கூடச் சிவப்பா இருக்கக் கூடாது.”

அவள் சரிபார்த்து, மெஷினுக்கான வழியையும் எழுதி முடித்தாள்.

“டாலரன்ஸ் என்ன குடுத்த?”

“புள்ளி பூஜ்யம் மூணு.”

“நல்லது. படிக்கு ஒண்ணும் ஆகாது.”

ஃபைல் கீழே போய்க்கொண்டிருந்தது. திரையில் பச்சைப் பட்டை நகர்வதை இருவரும் பார்த்தார்கள். அவர் அவள் தோளைத் தொட்டார்.

“ஏம்மா, டாலரன்ஸ் என்ன குடுத்த?”

“புள்ளி பூஜ்யம் மூணுங்க,” என்றாள், முதல்முறை கேட்டவருக்குச் சொல்வது போலவே.