மேலே நின்ற நீலம்

எங்கள் வள்ளத்துக்குப் பெட்ரோல் வாங்குவதும் அதில் ஆயில் கலப்பதும் என் பொறுப்பு. எஞ்சினைப் பிடிப்பது அண்ணன். இரண்டே பேர் போகிற சின்ன ஃபைபர் வள்ளம். தாமிரபரணி கடலில் சேரும் ஆற்றுமுகத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். வள்ளத்தின் பின்னால் மாட்டும் எங்கள் எஞ்சினில் ஆயிலுக்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து கொடுத்தால்தான் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசை போய்ச் சேரும். லிட்டருக்கு இருபது மில்லி. நான் கண்மட்டத்துக்குக் குப்பியைத் தூக்கிப் பார்த்துத்தான் ஊற்றுவேன். மற்ற விஷயங்களில் என்னைச் சோம்பேறி என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இதில் சொல்ல முடியாது.

எந்த ஆயில் என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் எப்போதும் இழுபறி. பைக் ஆயிலே போதும் என்பான் அவன். பைக் எஞ்சின் காற்றில் ஆறுவது. இது கடல்தண்ணீரை உள்ளே இழுத்து ஆறுவது. பைக் ஆயிலை ஊற்றினால் சாம்பல் கட்டும், பிளக் கறுக்கும். முந்தைய எஞ்சின் அப்படித்தான் நடுக்கடலில் எங்களை இருமி இருமிக் கொன்றது. புது எஞ்சின் வந்ததும் தண்ணீர் எஞ்சினுக்கென்றே விற்கும் ஆயிலைத்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். “உன் இஷ்டம், எஞ்சினுக்கு ஒண்ணுன்னா உன்னத்தான் கேப்பேன்” என்றான்.

அந்த ஆயில் நீல நிறம். கலந்ததும் பெட்ரோல் முழுக்க நீலம் ஏறிவிடும். எங்கள் கரையில் எல்லாருக்கும் அதுதான் அத்தாட்சி. டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்போம். நீலம் தெரிந்தால் ஆயில் இருக்கிறது.

போன ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. ஸ்ரீவைகுண்டம் அணை நிறைந்து வழிந்தது. ஆற்றுமுகம் செந்தண்ணீராக ஓடியது; வாழைமரங்கள் வேரோடு மிதந்து வந்தன. யாரும் கடலுக்குப் போகவில்லை. பாதிப் பெட்ரோலோடு டேங்க் கரையில் ஓட்டை விழுந்த தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் திருகு இருக்கும். ஓடும்போது திறக்க வேண்டும், கரையில் மூட வேண்டும். அண்ணன் மூடவே மாட்டான். மூடினால் வெயிலில் டேங்க் ஊதிவிடும் என்று அவனுக்கு ஒரு பயம்.

மழை விட்டதும் பழைய பெட்ரோலைக் கொட்டிவிடலாம் என்றேன். தங்கத்தைக் கொட்டச் சொன்னதுபோல் பார்த்தான். அதன் மேலேயே புதுசை ஊற்றச் சொன்னான். பத்து லிட்டர் வாங்கி, அதற்கு இருநூறு மில்லி ஆயில் அளந்து ஊற்றினேன். அண்ணன் எஞ்சினை மாட்டிக்கொண்டிருந்தான்; நான் மட்டும் மூடியைத் திறந்து பார்த்தேன். நல்ல நீலம்.

போகும்போது எஞ்சின் ஒழுங்காகத்தான் போனது. நங்கூரம் போட்டுத் தூண்டில் இறக்கி, மதியம் வரை கிடந்தோம். வள்ளம் அசையாமல் நின்ற அந்த நேரம்தான் எங்களுக்கு வினையாக முடிந்தது. திரும்பி வரும்போது எஞ்சின் விக்கியது. அண்ணன் சோக்கை இழுத்து, திராட்டிலை முறுக்கி முறுக்கி ஓட்டினான். ஆற்றுமுகத்தில் அலை மடிந்து உடைகிற இடத்துக்குச் சரியாக வந்ததும் ஒரு கிறீச்சல்; நின்றுவிட்டது. கயிறு இழுத்தால் வரவில்லை. பிஸ்டன் உள்ளே இறுகிப் பிடித்துவிட்டது.

வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பியது. ஆளுக்கொரு துடுப்பைப் போட்டு, தண்ணீர் உள்ளே ஏற ஏற வலித்தோம். கரையில் வந்து விழுந்ததும் அண்ணன் எஞ்சினைக் கழற்றி ஆட்டோவில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டு போய்விட்டான். டேங்கை நான் வீட்டு முற்றத்தில் இறக்கி வைத்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான். எஞ்சினைப் பிரித்த மெக்கானிக், பிஸ்டன் கோடு கோடாகக் கீறிப்போயிருக்கிறது, ஆயிலே போகவில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் டேங்க் மூடியைத் திறந்து காட்டினேன். நீலம் அப்படியே இருந்தது. பார்த்தாயா, ஆயில் இருக்கிறதே என்றேன். அது எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் டேங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பைய, உள்ளே வேலையாக இருந்த மதினிக்கும் கேட்காத குரலில் கேட்டான்.

“ஏலே, உண்மையச் சொல்லு. கரைக்கு வந்தப்புறம் ஊத்துனியா?”

கை ஓங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊற்ற மறந்தது மட்டுமல்ல, செத்துப் பிழைத்து வந்த கையோடு அதை மறைக்கவும் செய்தேன் என்கிறான். அலையில் நாங்கள் சேர்ந்து துடுப்பு வலித்தபோதே அவன் மனதில் இது ஓடியிருக்குமோ என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். பதில் சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகும். அழுகைவேறு வந்துவிடும்.

டேங்கைத் தூக்கிக் கொட்டிவிடலாம் என்று ஆத்திரத்தில் எழுந்தேன். கொட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். காலம் முழுக்க நான் களவாணி. எஞ்சினுக்குப் போகிற டியூப் டேங்கிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, அதன் முனையை ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விட்டு, நடுவில் இருக்கும் ரப்பர் பம்பை அமுக்கினேன். வந்தது நீலம் இல்லை. கழுநீர்போல் மங்கலான, வெளிறிய ஒன்று. அமுக்க அமுக்க அதுவேதான் வந்தது. இன்னொரு பாட்டிலில் மேலே இருந்து மொண்டு ஊற்றினேன். அது நீலம். அண்ணன் பார்க்கட்டும் என்று இரண்டையும் வாசல் விளக்கின் கீழே வைத்தேன்.

அந்த இரண்டு பாட்டிலையும் மறுநாள் பட்டறையில் பார்த்த மெக்கானிக் விளக்கினார். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், சாராய வகை. அது தண்ணீரைக் கண்டால் விடாது. கொஞ்சம் தண்ணீர் என்றால் தனக்குள் கரைத்து மறைத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் பெட்ரோலை உதறிவிட்டு, தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்ப் படுத்துவிடும். ஆயில் பெட்ரோலோடு மேலேயே நின்றுவிடும். முன்பெல்லாம் டேங்கில் தண்ணீர் இறங்கினால் தண்ணீர் மட்டும்தான் அடியில் கிடக்கும்; உறிஞ்சும் குழாய் அதற்குச் சற்று மேலே நிற்கும், தப்பித்துக்கொள்வோம். இப்போது எத்தனாலும் சேர்வதால் அந்த அடி உயர்ந்து குழாயின் வாய்க்கு மேலே வந்துவிட்டது. போகும்போது வள்ளம் குலுங்கிய குலுங்கலில் எல்லாம் கலந்து கிடந்திருக்கிறது. நங்கூரத்தில் நின்றபோது பிரிந்து படிந்திருக்கிறது; பிறகு குலுங்கியும் முழுதாகச் சேரவில்லை. திரும்பும் வழியெல்லாம் எஞ்சின் ஆயில் இல்லாத அடியைக் குடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

தண்ணீர் எப்படி உள்ளே போனது என்று மெக்கானிக் கேட்டார். மழை நாளில் மூடி மேல் தேங்கிய தண்ணீரை, டேங்க் குளிரும்போது திறந்த திருகு வழியே உள்ளே இழுத்திருக்கும் என்று அவரே சொன்னார். திருகை யார் திறந்து விட்டது என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தலையைக் குனிந்து, மேஜை மேல் கிடந்த பிஸ்டனின் கீறலை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். மழை திரும்பவும் வரும்போல இருக்கிறது என்றான். அவ்வளவுதான்.

எஞ்சின் சரியாகி வந்துவிட்டது. தண்ணீர் பிரிக்கிற கண்ணாடிக் கிண்ண ஃபில்டர் ஒன்றை மாட்டினோம். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்கிறேன். கரைக்கு வந்ததும் திருகை மூடுவது இப்போது அண்ணன்தான், ஒருநாளும் மறப்பதில்லை. ஆயிலைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.

ஒன்று மட்டும் புதிதாக வந்திருக்கிறது. வள்ளம் தள்ளுவதற்கு முன் நான் டியூப் வழியாகக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து அவனிடம் நீட்டுகிறேன். அவன் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நீலத்தைப் பார்க்கிறான். தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறானா, நான் ஊற்றினேனா என்று பார்க்கிறானா தெரியவில்லை. கேட்டுவிடலாம். அவன் தண்ணீருக்காகத்தான் என்று சொல்வான், எனக்குத் தெரியும். அதை நான் நம்புவேனா என்பதுதான் தெரியவில்லை.