இறங்கிக்கொண்டே போன சோபா

என் அண்ணியை அக்கம்பக்கத்தில் ‘கால்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டாள். சோபாவுக்கும் மேசைக்கும் பழைய கால்களைக் கழற்றிவிட்டுப் புதுக் கால் வைப்பதுதான் அவள் பிழைப்பு. புதிதாக யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முழங்காலைப் பார்ப்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவரையும் அப்படித்தான் பார்த்தாள். “இவருக்கு நம்ம வீட்டு நாற்காலி சரிவராது” என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டாள். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. அவருக்கு நான் சரிவந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

அண்ணனுக்கு முதுகு போனதிலிருந்து வண்டியை ஓட்டுவதும் சோபாவின் மறுமுனையைத் தூக்குவதும் என் தலையில் விழுந்தது. நாத்தனார் என்றால் அதிகாரம் பண்ணலாம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதிகாரம் அவளுடையது, முதுகுவலி என்னுடையது. “இழுக்காதே, தூக்கு” என்பாள் நாள் முழுக்க. உயரமான காலை வைத்துவிட்டு சோபாவைத் தரையோடு இழுத்தால் பக்கவாட்டு விசை எல்லாம் காலைப் பிடித்திருக்கும் தகட்டின் திருகாணியில் போய் விழும். மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். உண்மைதான். ஆனால் தூக்குகிறவளுக்கல்லவா தெரியும்.

அந்த வீட்டு வேலைக்கு எங்களைக் கூப்பிட்டது மகள். வேறு ஊரிலிருந்து போனில் பேசினாள்.

“அம்மாவால சோபாவிலேர்ந்து எழுந்திருக்கவே முடியல. டாக்டர் முட்டியில ஒண்ணும் இல்லங்கறாரு. அம்மா என்னடான்னா, தரை சோபாவை முழுங்குதுன்னு சொல்றாங்க. எங்கிட்ட வந்து இருக்கேன்னு ரெண்டு வருஷமா கேக்கறாங்க. அப்பா ஒரே பிடியா நிக்கறாரு. ‘அவ தானா எழுந்து நடந்தா கூட்டிட்டுப் போ, இல்லன்னா எங்கேயும் அனுப்ப மாட்டேன்’ங்கறாரு. இப்ப இருக்கறது ஆறு இஞ்ச் கால். வாங்கும்போது நான்தான் கூட இருந்தேன். கொஞ்சம் உசத்திக் குடுங்க. கடைசியா ஒருதடவை பாத்துடலாம்.”

காலையிலேயே போய்விட்டோம். கதவைத் தட்டினோம்.

“திறந்துதான் இருக்கு, வாங்க. என்னால எழுந்து வர முடியாது” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நல்ல உயரமான அம்மா. சோபாவில் புதைந்து கிடந்தார். முழங்கால் இரண்டும் கிட்டத்தட்ட மார்பைத் தொடுகிற மாதிரி மேலே நின்றன. முன்னால் ஒரு டீப்பாய். எதிரே ஜன்னல். அறையில் வேறு உட்காரும் சாமான் ஒன்றுகூட இல்லை.

“நாற்காலி எல்லாம் எங்கம்மா?” என்று கேட்டேன்.

“பூச்சி புடிச்சிடுச்சுன்னு இவரு தூக்கிக் குடுத்துட்டாரு” என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க ரெண்டு பேரும் புதுசு. சிரிக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன். இங்க உக்காந்தா முன்னெல்லாம் எங்க வாசல் கேட் தெரியும். முதல்ல அது போச்சு. அப்புறம் ரோடு போச்சு. எதிர் வீட்டுக் கதவு போச்சு. இப்ப பாருங்க, வானம் மட்டும்தான் தெரியுது. கட்டிலும் அப்படித்தான் இறங்குது. நான் உள்ள போய்க்கிட்டிருக்கேம்மா. மெதுவா.”

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் வழக்கம்போல அந்த அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருமாகக் கைகொடுத்து எழுப்பினோம். எழுந்ததும் அவர் நடந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தள்ளாடவில்லை. ஆடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பியையும் விட்டுவிட்டு நின்றார். அண்ணி டேப்பை எடுத்துத் தரையிலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை அளந்தாள்.

“பத்தொன்பது. சோபா உடம்பு பன்னண்டு போக, உங்களுக்கு ஏழு இஞ்ச் கால் வேணும்” என்றாள்.

பிறகு சோபாவைச் சுவரிலிருந்து தூக்கி நகர்த்தினோம். பின்னாலிருந்த சுவரைப் பார்த்து நான் என் முனையைத் தொப்பென்று போட்டுவிட்டேன். அண்ணி திட்டவில்லை. அவளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோபாவின் முதுகுச் சட்டம் சுவரில் உரசி உரசிக் கோடு போட்டிருந்தது. அது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் ஒரு கோடுதான் இருக்கும். இங்கே ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஆறேழு கோடுகள், விரல் கனத்துக்கு விரல் கனம் இடைவெளி விட்டு. குளத்தில் தண்ணீர் வற்ற வற்றப் படிக்கட்டில் விழும் கறை மாதிரி. அந்த அம்மா சொன்னது பொய்யில்லை. சோபா இறங்கித்தான் இருந்தது.

“அண்ணி, வா போயிடலாம்” என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

“கவுத்துப் பாப்போம், பிடி” என்றாள்.

கவிழ்த்தோம். அடியில் தைத்திருந்த கறுப்புத் துணி, மூலைக்கு ஒரு கால், நீள சோபா என்பதால் நடுவில் ஐந்தாவதாக ஒன்று. மேலே பருத்துக் கீழே போகப் போக ஒல்லியாகிற மரக்கால்கள். இந்த மாதிரிக் காலின் தலையில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். சட்டத்தில் அறைந்த தகட்டின் நடுவில் மரை இருக்கும். கையாலேயே திருகி மாட்டலாம், கையாலேயே திருகிக் கழற்றலாம். ஸ்பேனர்கூட வேண்டாம்.

அண்ணி ஒன்றைத் திருகிக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிட்டது. இரண்டரை இஞ்ச் இருந்தால் அதிகம். நுனி ஒல்லியாகவும் இல்லை, நுனியில் மாட்டும் பித்தளைக் குப்பியும் இல்லை. பருமனாக இருக்கவேண்டிய இடத்தோடு கால் சட்டென்று முடிந்திருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ பூசியிருந்தது. அண்ணி அதை மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஷூ பாலிஷ் வாசனை. நகத்தால் சுரண்டினாள். உள்ளே வெள்ளை மரம், ரம்பப் பல் பட்ட வரிகள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே அது மறுபடி நின்றும் போனது. பேயாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. ஐந்து காலையும் கழற்றி, ஒரே அளவாக அறுத்து, அறுத்த இடத்தில் சாயம் பூசி, திரும்ப மாட்டி... அதையும் ஒருமுறை செய்யவில்லை, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறை. டீப்பாயைப் புரட்டினோம். அதன் காலிலும் அதே வேலை. பக்கத்தில் இருப்பது உயரமாகத் தெரிந்தால் இது இறங்கியது தெரிந்துவிடும் அல்லவா? நாற்காலிகள் ஏன் போயின என்பதும் புரிந்தது. எழுந்து போகிற பெண்டாட்டியைக் கட்டிப்போட ஒரு முழக் கயிறுகூட வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மா வெளியே பார்த்தபடி நின்றிருந்தார். அண்ணி ஐந்து கால்களையும் டீப்பாய்ப் பலகை மேல் வரிசையாக வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் கணவர் வந்தார். கையில் காய்கறிப் பை. குள்ளமான, நறுவிசான மனிதர். காலில் ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தது. கவிழ்ந்து கிடந்த சோபாவைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது.

“யாரு உங்களை வரச் சொன்னது?”

“உங்க பொண்ணு, சார்” என்றாள் அண்ணி.

“பண்ணுங்க. பிரயோஜனம் இல்ல. கோளாறு அவ கால்ல இல்ல, தலையில.”

அண்ணி மூலையில் கறுப்புத் துணியைக் கொஞ்சம் கிழித்து மடித்து, பழைய தகடுகளைக் கழற்றினாள். அடிக்கடி திருகியதில் மரையெல்லாம் தேய்ந்திருந்தது. புது இரும்புக் காலுக்குத் தகடு தலையிலேயே பற்றவைத்திருக்கும். ஒரு தகட்டுக்கு நாலு திருகாணி. பழைய ஓட்டையில் பிடிக்காது என்று தகட்டைக் கொஞ்சம் தள்ளி, புது மரத்தில் சின்ன டிரில்லால் முன்துளை போட்டாள். மூலைக்கு ஒன்று முடிந்ததும் நடுக்காலையும் மறக்காமல் வைத்தாள். அதை விட்டுவிட்டால் நடு ஆள் உட்காரும்போது சட்டம் தொய்ந்துவிடும். டீப்பாய்க்கு, கொண்டை ஊசி மாதிரி வளைத்த கம்பிக் கால். பலகை ஒரு இஞ்ச்தான், திருகாணி மேலே துளைத்துக்கொண்டு வரக்கூடாதே என்று முக்கால் இஞ்ச்சில் தேடி எடுத்தாள். அவ்வளவு நேரமும் அவர் வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றார். டிரில் நின்ற போதெல்லாம் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

நிமிர்த்தினோம். காலின் அடிக்குமிழைத் திருகி மட்டம் பண்ணி ஆட்டம் பார்த்தாள். ஆடவில்லை.

“உக்காருங்கம்மா” என்றாள்.

அந்த அம்மா பயந்துகொண்டேதான் உட்கார்ந்தார். முழங்கால் மடங்கிச் சமமாக நின்றது. பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்தவர் அப்படியே இருந்தார்.

“கேட் தெரியுது” என்றார். “ரோடு தெரியுது.”

“இப்ப எழுந்திரிங்க. யாரையும் பிடிக்காம.”

எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன வெட்கம். அந்த அம்மா அழவில்லை. கழற்றிப் போட்டிருந்ததில் ஒரு மரக்காலை எடுத்துப் பார்த்தார். அடியைத் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கணவரின் ஷூவைப் பார்த்தார்.

“நான் மத்தியானம் தூங்கும்போதா?” என்று கேட்டார்.

கணவர் ஷூவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“பைத்தியம் புடிச்சிடுச்சுன்னு நெனச்சேன். உன்னை நான் கையெடுத்துக் கும்பிட்டேனே, தூக்கி விடுன்னு. ஒவ்வொரு தடவையும் தூக்கி விட்டியே” என்றார். நாற்பது வருஷத்தில் அவரை ஒருமையில் கூப்பிட்டது அதுவே முதல்தடவை என்று பின்னால் வண்டியில் வரும்போது எங்களிடம் சொன்னார்.

“எழுந்தா நீ போயிடுவ” என்றார் அவர்.

“ஆமா. தானா எழுந்து நடந்தா போகலாம்னு சொன்னது யாரு?”

அவ்வளவுதான் பேச்சு. அந்த அம்மா துணி எடுத்துவைக்க உள்ளே நடந்து போனார். காலடிச் சத்தம் ஒவ்வோர் அறையாகப் போவது கேட்டது. அண்ணி மகளுக்குப் போன் போட்டு, “அம்மாவை பஸ் ஏத்தி விடறோம், இறங்குற இடத்துல நில்லுங்க” என்றாள். நான் சாமானை அள்ளிப் பையில் போட்டேன். அங்கே இன்னொரு நிமிஷம் நிற்க என்னால் முடியவில்லை.

கணவர் மெல்ல வந்து சோபாவில் உட்கார்ந்தார். ஏறி உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். முதுகைச் சாய்த்ததும் பளபளத்த ஷூ இரண்டும் தரையை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றன.

“எனக்கு உயரமா இருக்கு” என்றார் அண்ணியிடம், மிகவும் மரியாதையாக. “கொஞ்சம் அறுத்துக் குடுக்கறீங்களா? கூலி தரேன்.”

“நான் கால் வைக்கறவ சார், அறுக்கறவ இல்ல” என்றாள் அண்ணி.

பையோடு அந்த அம்மா வந்தார். அவரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார். கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டில் இறங்கும்போது நான் ஒருமுறை திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் அங்கேயேதான் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உயரத்திலிருந்து அவருக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்திருக்கும்.